ரோஜா மணத்தைக் கட்டுதல்: பெர்ஃப்யூமரும் மதிப்பீட்டாளரும் பெறும் பயிற்சி

வாசனைத் திரவியங்களை உருவாக்கும் பெர்ஃப்யூமராகவோ, அவற்றைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் மதிப்பீட்டாளராகவோ ஆக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, தங்கள் மூக்கு அதற்குப் போதுமான கூர்மை உடையதா என்பதுதான். மற்றவர்களுக்குத் தெரியாத மணம் தனக்குத் தெரிந்தால் பாதித் தொழில் கைவந்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் நல்ல உடல்நிலையில் உள்ள சாதாரண மூக்கே இத்தொழிலுக்குப் போதும். முகர்ந்த பொருளை ஆறு மாதம் கழித்துப் பெயர் பார்க்காமல் அடையாளம் சொல்வது, இரண்டு பொருள்கள் எவ்விடத்தில் ஒத்துப்போகின்றன, எவ்விடத்தில் பிரிகின்றன என்று சொற்களில் சொல்வது, ஒரு கலவையில் எது எவ்வளவு மிகுந்திருக்கிறது என்று ஊகிப்பது ஆகிய மூன்றும்தான் பயிற்சியால் வருபவை. இம்மூன்றும் எப்படி வருகின்றன என்பதை ரோஜா மணம் ஒன்றைக் கட்டும் பயிற்சியின் வழியாகவே பார்க்கலாம். பல பள்ளிகளில் தொடக்கநிலை மாணவருக்குத் தரப்படும் பாடங்களில் அதுவும் ஒன்று.

கலவைக்குப் போவதற்கு முன் மூலப்பொருள்களைத் தனித்தனியே கற்க வேண்டும். மாணவரின் மேசையில் இருப்பவை பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பிகள், ஆயிரத்தில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு, ஒரு குறிப்பேடு, முகர்ந்து பார்ப்பதற்கான மெல்லிய காகிதப் பட்டைகள் ஆகியவையே. இந்தப் பட்டையைத் தொழிலில் பிளாட்டர் என்பார்கள். அதன் ஒரு முனையில் பொருளின் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு, மறுமுனையை அரை சென்டிமீட்டர் அளவுக்குத் திரவத்தில் நனைத்து, சாராயம் ஆவியாகச் சில விநாடிகள் விட்டு, மூக்கைத் தொடாமல் அருகே பிடித்துச் சிறு சிறு மூச்சாக இழுக்க வேண்டும். நனைத்த முனை மூக்கில் பட்டுவிட்டால் அடுத்து முகரும் பத்துப் பொருள்களிலும் அதே மணம்தான் தெரியும் என்பதால், பட்டையின் முனையைச் சற்றே மடித்துப் பிடிக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது.

பொருள்களைப் பெரும்பாலும் தூயநிலையில் முகர்வதில்லை. எத்தில் ஆல்கஹாலில் 10 சதவீதமாகக் கரைத்து முகர்வதே வழக்கம். வீரியம் மிகுந்தவற்றை 1 சதவீதமாகவும், சிலவற்றை அதனினும் குறைவாகவும் கரைக்கிறார்கள். இதற்குக் காரணம் மூக்கைக் காப்பது மட்டுமன்று. பல பொருள்கள் செறிவு மாறும்போது குணமே மாறிவிடுகின்றன. இண்டோல் இதற்கு நல்ல சான்று. செறிவாக இருக்கையில் பூச்சி உருண்டையையும் மலத்தையும் நினைவூட்டும் அப்பொருள், நன்கு நீர்த்த நிலையில் மல்லிகையின் ஆழத்தைத் தருகிறது. குப்பியைத் திறந்து முகர்ந்துவிட்டு ஒரு பொருளைத் தெரிந்துகொண்டோம் என்று நினைக்கிறவர், அது கலவைக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிந்திருக்க மாட்டார்.

ஒரு நாளைக்கு எத்தனை பொருள் என்பதில் ஆசிரியர்கள் கண்டிப்பாக இருப்பார்கள், ஏனெனில் மூக்கு விரைவில் பழகிப்போய்விடும். ஒரே மணத்தைச் சில நிமிடங்கள் தொடர்ந்து முகர்ந்தால் அது மங்கி, சில வேளை முழுவதும் மறைந்துவிடுகிறது. சிறிது நேரம் வெளிக்காற்றில் நின்றாலோ தன் சட்டைக் கையை முகர்ந்தாலோ மெல்லத் திரும்புகிறது. அதனால் ஐந்தாறு புதிய பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நாள் முழுவதும் இடைவெளி விட்டு முகர்வதே பயன் தருகிறது. இன்னொரு தடை பிறப்பிலேயே வருவது. மனிதரிடம் சுமார் 400 வகை மோப்ப ஏற்பிகள் இயங்குகின்றன, அவற்றின் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஆகவே வயலெட் பூவின் மணமுள்ள பீட்டா அயனோன் சிலருக்கு மிகத் தெளிவாகவும் சிலருக்கு ஏறக்குறைய இல்லாததாகவும் இருக்கிறது. கலாக்சோலைடு போன்ற கஸ்தூரி வகைச் செயற்கைப் பொருள்களுக்கும் இது பொருந்தும். தேர்ந்த பெர்ஃப்யூமர்களிலும் இப்படிப்பட்ட மோப்பக் குருடு உள்ளவர்கள் உண்டு. தனக்கு எது தெரிவதில்லை என்பதைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, அந்த இடங்களில் சக ஊழியரின் மூக்கை நம்புவதே அவர்கள் செய்வது.

குறிப்பேட்டில் எழுதும் சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "இனிமையாக இருக்கிறது", "பிடிக்கவில்லை" என்பவை எவருக்கும் உதவாத குறிப்புகள். "நனைந்த இலையின் பச்சை, அடியில் உலோகம், பத்து நிமிடத்தில் பச்சை போய்விடுகிறது" என்பது உதவும் குறிப்பு. அது சரியான சொற்றொடரா என்பதைவிட, அடுத்த முறை அதே மணம் வரும்போது அதே சொல் தானாக எழுகிறதா என்பதே முக்கியம். சொந்த நினைவிலிருந்து வரும் சொல் விரைவில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் மற்றவருக்கு விளங்காது. ஆகவே மாணவர்கள் தமக்கென ஒரு குறிப்பும், மலர்த்தன்மை, பச்சை, மரம், பழம், உலோகம், தூள் போன்ற தொழிற்பொதுச் சொற்களில் மற்றொரு குறிப்புமாக இரண்டு எழுதுவது நல்லது. மதிப்பீட்டாளராக ஆக விரும்புகிறவருக்கு இந்த இரண்டாம் குறிப்பே பிழைப்பு.

பொருள்களை எந்த வரிசையில் கற்பது என்பதற்கு ஒரு வழியை வகுத்தவர் ஜான் கார்லெஸ். பிரான்ஸின் கிராஸ் நகரில் ரூர் நிறுவனத்தின் பள்ளியை 1946இல் தொடங்கியவர் அவர். அதுவே பின்னாளில் ஜிவோதான் நிறுவனத்தின் பள்ளியாயிற்று. அவரது முறையில் மாணவர் முதலில் வேறுபாடுகளைப் படிக்கிறார், பின்னர் ஒற்றுமைகளைப் படிக்கிறார். முதற்கட்டத்தில் எலுமிச்சை, கிராம்பு, சந்தனம் என்று ஒன்றோடொன்று குழம்பவே முடியாத பொருள்கள் ஒரே அமர்வில் வருகின்றன. அவை நினைவில் நின்றபின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அருகருகே வைக்கப்படுகின்றன. கடினமான வேலை அங்குதான் தொடங்குகிறது.

ரோஜாக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று பொருள்கள் அடிப்படையானவை: ஃபீனைல் எத்தில் ஆல்கஹால், சிட்ரோனெல்லால், ஜெரானியால். முதலாவது மென்மையானது, வாடிய இதழும் சற்றே தேனும் கலந்தாற்போன்றது, அதிகம் சேர்த்தாலும் சண்டைக்கு வராதது. மற்ற இரண்டும் வேதியியலில் மிக நெருங்கியவை. ஜெரானியாலின் வாய்பாடு C10H18O, சிட்ரோனெல்லாலின் வாய்பாடு C10H20O. முன்னதில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகள் இரண்டில் ஒன்று பின்னதில் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. ஆயினும் ஜெரானியால் இனிப்பும் கூர்மையும் கொண்டு வெளியே பாய்கிறது, சிட்ரோனெல்லால் மெழுகுத்தன்மையோடு ஈரமாகவும் உருண்டையாகவும் இருக்கிறது. பெயர் மறைத்த பட்டைகளில் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல மாணவருக்குப் பல நாள்கள் ஆகலாம்.

பிரித்துவிட்டோமா என்பதைச் சோதிக்க முக்கோணச் சோதனை என்ற எளிய வழி இருக்கிறது. மூன்று பட்டைகளில் இரண்டை ஒரே பொருளிலும் ஒன்றை மற்றதிலும் நனைத்து, எண் மட்டும் எழுதி வேறொருவர் நீட்டுவார். தனித்து நிற்பதைச் சொல்ல வேண்டும். வெறுமனே ஊகித்தாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் ஒரு வெற்றியை நம்பக் கூடாது. மூன்று முறை தொடர்ந்து ஊகத்தால் சரியாக வருவதற்கான வாய்ப்பு 27இல் ஒன்று மட்டுமே, ஆகவே அங்கிருந்து நம்பத் தொடங்கலாம். நிறுவனங்களிலும் ஒரு மூலப்பொருளுக்குப் பதிலாக மலிவான ஒன்றைச் சேர்த்தால் வாடிக்கையாளருக்குத் தெரியுமா என்பதை மதிப்பீட்டாளர்கள் இதே சோதனையால்தான் பார்க்கிறார்கள்.

இப்போது கலக்கத் தொடங்கலாம். சில பொருள்கள் சேர்ந்து, தனித்தனியே தெரியாமல், ஒரே மணமாக உணரப்படும்படி அமையும் சேர்க்கையை அக்கார்டு என்பார்கள். மாணவர் 10 கிராம் எடையில் முதற்கலவையைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் 5 கிராம், சிட்ரோனெல்லால் 3 கிராம், ஜெரானியால் 2 கிராம். சொட்டுக் கணக்கில் இதைச் செய்வதில்லை. சொட்டின் அளவு திரவத்தின் பிசுபிசுப்புக்கும் பிப்பெட்டின் வாய்க்கும் ஏற்ப மாறும் என்பதால் எல்லாவற்றையும் எடைபோட்டு, எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக வந்த கலவையை இரண்டாம் முறை செய்யவே முடியாது. இந்த முதற்கலவை ரோஜா என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பூ என்று சொல்ல மாட்டார்கள். மலிவான ரோஜா சோப்பின் தட்டையான மணம் அது: இனிப்பு உண்டு, உடம்பு இல்லை.

குறைவது என்ன என்பதை அறிய வேதியியல் உதவுகிறது. ரோஜா இதழை நீராவியில் வடித்து எடுக்கும் எண்ணெயைப் பகுத்துப் பார்த்தால், அதில் பெரும்பங்கு சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும்தான். ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் இதழில் நிறைய இருந்தாலும் நீரில் எளிதாகக் கரைவதால் வடிநீரோடு போய்விடுகிறது. கரைப்பான் கொண்டு எடுக்கும் ரோஜா அப்சல்யூட்டில்தான் அது மிகுதியாகத் தங்குகிறது. ஒரே பூவிலிருந்து எடுத்த இரண்டு சரக்குகள் வேறுவேறாக மணப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் எண்ணெயின் ஆழத்துக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று அதில் சுமார் 0.14 சதவீதம் மட்டுமே இருக்கும் பீட்டா டமாஸ்செனோன். ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் நூறு கோடிப் பங்கு நீரில் ஏறத்தாழ 750 பங்கு இருந்தால்தான் மூக்குக்கு எட்டுகிறது, டமாஸ்செனோனுக்கு 0.002 பங்கே போதும். எவ்வளவு இருக்கிறது என்பதும் எவ்வளவு மணக்கிறது என்பதும் வேறு வேறு என்பதைப் புதியவர்கள் உணர்வது இந்தக் கணக்கில்தான்.

ஆகவே இரண்டாம் முயற்சியில் மாணவர் டமாஸ்செனோனின் நெருங்கிய உறவான பீட்டா டமாஸ்கோனைச் சேர்க்கிறார். அதன் 1 சதவீதக் கரைசலில் 0.5 கிராம் எடுத்து, இடம் விடுவதற்காக ஜெரானியாலை 1.5 கிராமாகக் குறைக்கிறார். உண்மையில் உள்ளே போன டமாஸ்கோன் 0.005 கிராம்தான், அதாவது கலவையில் 0.05 சதவீதம். கரைசலாக எடுப்பதன் காரணத்தை இங்கே காணலாம்: தராசின் கடைசி இலக்கம் ஒன்று பிசகினால், தூய பொருளை நேரடியாக எடைபோடும்போது 5இல் ஒரு பங்கு பிழையாகிவிடும், கரைசலில் 500இல் ஒரு பங்குதான் பிழை. பட்டையில் இப்போது முகர்ந்தால் சோப்பு பின்வாங்கி, பிளம் பழச் சாயலோடு கனமான சிவப்பு ரோஜா தலைகாட்டுகிறது. ஜெரானியாலைக் குறைத்ததும் இதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்பதால், கண்டிப்பான ஆசிரியர் 2 கிராம் ஜெரானியாலுடன் டமாஸ்கோன் மட்டும் சேர்த்த இன்னொரு கலவையையும் செய்து காட்டச் சொல்வார். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் என்பது ஆய்வக ஒழுங்கு. சலிப்பூட்டுவது, ஆனால் எது எதைச் செய்தது என்று அறிய வேறு வழி இல்லை.

இந்த இடத்தில் அடிக்கடி நேரும் பிழை, 1 சதவீதக் குப்பிக்குப் பதிலாக 10 சதவீதக் குப்பியை எடுத்துவிடுவது. கண்ணுக்கு இரண்டும் நிறமற்ற திரவங்கள். அப்படி நேர்ந்தால் பூ மறைந்து, வேகவைத்த பழக்கூழும் புகையிலையும் எழும், அடுத்த நாளும் பட்டையில் அதுவே மிஞ்சியிருக்கும். சரியான கலவையையும் சந்தேகமான கலவையையும் அருகருகே நனைத்து ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தால் பிழை வெளிப்பட்டுவிடும். இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும்: டமாஸ்கோன் வகைப் பொருள்கள் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. 1973இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நறுமணச் சங்கமான இஃப்ரா, தோலில் படும் பொருள்களின் ஒவ்வொரு வகைக்கும் அவற்றின் உச்ச அளவை வரையறுத்திருக்கிறது. மணத்துக்காகக் கூட்டிக்கொண்டே போக நினைத்தாலும் இந்த வரம்பு தடுக்கும். இத்தகைய விதிகள் மாறவும் செய்யும். லில்லியல் என்ற பிரபலமான பொருள் 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருள்களிலிருந்து விலக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ பழைய கலவைகளைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெர்ஃப்யூமர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலைகளில் இப்படிப்பட்ட சீரமைப்பு அடிக்கடி இருக்கும்.

மூன்றாம் முயற்சியில் மாணவர் நேரத்தைப் பற்றிக் கற்கிறார். இதுவரை போட்டவை எல்லாம் நடுவில் நிற்பவை. பட்டையில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ரோஸ் ஆக்சைடின் நீர்த்த கரைசலைச் சிறிது சேர்த்தால் முதல் சில நிமிடங்களுக்கு உலோகத் தன்மையுள்ள பச்சை எழுந்து, இப்போதுதான் பறித்த பூ என்ற எண்ணத்தைத் தருகிறது. அடியில் கலாக்சோலைடைச் சேர்த்தால் மறுநாளும் பட்டையில் ஏதோ ஒன்று மென்மையாக மிஞ்சுகிறது. மூலக்கூறு பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் பொதுவாக மெல்ல ஆவியாகும் என்பதே இதன் காரணம்: எலுமிச்சைத் தோலின் லிமோனீனுக்கு மூலக்கூறு எடை 136, கலாக்சோலைடுக்கு 258. முன்னது ஒரு மணி நேரத்துக்குள் பட்டையை விட்டுப் போகத் தொடங்குகிறது, பின்னது வாரக்கணக்கில் தங்குகிறது. அதனால்தான் ஒரு கலவையை நனைத்தவுடன், பத்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி, மறுநாள் காலை என்று நேரம் குறித்து முகர்கிறார்கள். சாராயத்தில் கரைத்த உடனே தீர்ப்புச் சொல்வதும் தவறு, ஏனெனில் ஆல்கஹால்களும் ஆல்டிஹைடுகளும் நாள்போக்கில் மெல்ல ஒன்றோடொன்று வினைபுரிந்து தொடக்கத்தின் கூர்மையை மாற்றிவிடும்.

பெர்ஃப்யூமரின் கையில் கலவை முடிந்துவிட்டது என்று தோன்றும் இந்த இடத்தில் மதிப்பீட்டாளரின் வேலை சூடுபிடிக்கிறது. உலகில் விற்கும் நறுமணக் கலவைகளில் பெரும்பங்கு அழகிய கண்ணாடிப் புட்டிகளுக்குள் போவதில்லை. சோப்பு, ஷாம்பூ, துணி துவைக்கும் தூள், தரை துடைக்கும் திரவம் என்று அன்றாடப் பொருள்களுக்குள் போகிறது. நம் ரோஜாவை ஒரு வெள்ளைக் குளியல் சோப்புக்கு எடுத்துக்கொண்டதாகக் கொள்வோம். மதிப்பீட்டாளர் மணமில்லாத சோப்புத் துகளில் 1 சதவீதம் கலவையைச் சேர்த்துக் கட்டிகளாக அழுத்தி, சிலவற்றைக் குளிர்பெட்டியிலும் சிலவற்றை 40 டிகிரி செல்சியஸ் அடுப்பிலும் சில வாரங்கள் வைக்கிறார். குளிரில் இருப்பது ஒப்பிடுவதற்கான சாட்சி, சூட்டில் இருப்பது கடையில் பல மாதங்கள் கிடந்தால் என்ன ஆகும் என்பதன் முன்னோட்டம்.

சோப்பு காரத்தன்மை உடையது. ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலும் சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும் காரத்தை நன்றாகத் தாங்குபவை. ரோஜா மணம் சோப்புகளில் நெடுங்காலமாக நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் இன்னும் சற்று இனிப்பு கேட்டார் என்பதற்காகப் பெர்ஃப்யூமர் வனிலின் சேர்த்திருந்தால், அடுப்பில் வைத்த கட்டி பழுப்பாகிவிடும். குளிரில் வைத்தது வெள்ளையாக நிற்பதால் பழி வனிலின் மேலா, சோப்பின் மேலா என்ற கேள்வி எழலாம். அதைத் தீர்க்க, மணமே சேர்க்காத கட்டி ஒன்றும் அடுப்பில் இருக்க வேண்டும். பிறகு காய்ந்த கட்டி, நுரை, கழுவிய ஈரக்கை, உலர்ந்த கை என நான்கு நிலைகளில் முகர்கிறார். பட்டையில் மிக அழகாக எழுந்த ரோஸ் ஆக்சைடு நுரையில் உலோகமாக உறுத்தக்கூடும், கலாக்சோலைடு ஈரக்கையில் சுத்தமாகத் தெரியாமல் போகக்கூடும். பட்டை சொன்னதைச் சோப்பும் சொல்லும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இதற்குப்பின் மதிப்பீட்டாளர் பெர்ஃப்யூமரிடம் சொல்லும் சில வாக்கியங்களில்தான் அவரது திறமை வெளிப்படுகிறது. "ரோஸ் ஆக்சைடைப் பாதியாக்குங்கள்" என்று அவர் சொல்வதில்லை. பல நிறுவனங்களில் கலவையின் முழு வாய்பாடு அவருக்குக் காட்டப்படுவதும் இல்லை. "நுரையில் முதல் அரை நிமிடம் உலோகம் முந்துகிறது, வாடிக்கையாளர் கேட்டது வளமான சிவப்பு ரோஜா, கையில் உலர்ந்தபின் மிஞ்சுவது போதவில்லை" என்று நிலை, நேரம், எதிர்பார்ப்பு மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார். எந்தப் பொருளைத் தொடுவது என்பது பெர்ஃப்யூமரின் முடிவு. மதிப்பீட்டாளருக்கு வேறு ஒரு மூலதனமும் உண்டு: நிறுவனத்தில் முன்பு செய்து விலைபோகாத ஆயிரக்கணக்கான கலவைகளை அவர் நினைவில் வைத்திருக்கிறார். புதிதாக ஒரு கேட்பு வரும்போது, இரண்டு ஆண்டுக்கு முன் ஷாம்பூவுக்குச் செய்த ஒன்று இதற்குப் பொருந்தும் என்று எடுத்துக்காட்டி வாரக்கணக்கான வேலையை மிச்சப்படுத்துகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

தொழிலின் பணவழியும் புதியவர்கள் எதிர்பார்ப்பதுபோல் இல்லை. சோப்பு நிறுவனமோ வாசனைத் திரவிய நிறுவனமோ தானே மணத்தை உருவாக்குவது அரிது. ஜிவோதான், டிஎஸ்எம் ஃபெர்மெனிக், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் போன்ற கலவை நிறுவனங்கள் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் பிரீஃப் என்னும் கேட்புக் குறிப்பை அனுப்புகிறது. எந்தப் பொருளுக்கு, எந்தச் சந்தைக்கு, எப்படிப்பட்ட மணம், கலவை கிலோ என்ன விலைக்குள் இருக்க வேண்டும், எந்த நாளுக்குள் என்பவை அதில் இருக்கும். உருவாக்கும் வேலைக்கு வழக்கமாகத் தனிக் கட்டணம் இல்லை. வென்ற நிறுவனம் கலவையைக் கிலோ கணக்கில் விற்றுப் பணத்தை எடுக்கிறது, தோற்றவை செய்த செலவைத் தாங்கிக்கொள்கின்றன. கலவையின் வாய்பாடு பொதுவாகப் பதிப்புரிமைக்குள் வருவதில்லை, ரகசியமாகக் காக்கப்படுவதே அதன் பாதுகாப்பு. ஆனால் வாயு நிறவரைவியல் கருவியால் போட்டியாளர் அதைப் பெருமளவு பிரித்துப் பார்த்துவிட முடியும் என்பதால் அந்தப் பாதுகாப்பும் அரைகுறையானதே. அந்தக் கருவியின் அறிக்கையைப் படிக்கவும், அது காட்டாததை மூக்கால் நிரப்பவும் மாணவர்கள் பழகுகிறார்கள். டமாஸ்கோன் போன்றவை வரைபடத்தில் சின்னஞ்சிறு மேடாகவோ, பெரிய மேடு ஒன்றின் அடியில் மறைந்தோ இருப்பதால், அறிக்கையை மட்டும் வைத்துக் கட்டிய நகல் நம் முதற்கலவையைப்போல் தட்டையாகவே மணக்கும்.

உள்ளே நுழையும் வழிகள் சிலவே. பெரிய நிறுவனங்களின் சொந்தப் பள்ளிகள் ஒரு சிலரை மட்டும் எடுத்துப் பல ஆண்டுகள் பயிற்றுகின்றன. வெர்சாய் நகரில் 1970இல் ஜான் ஜாக் கெர்லான் தொடங்கிய இசிப்கா போன்ற பள்ளிகளில் பெரும்பாலும் வேதியியல் அடிப்படை கொண்டவர்களே சேர்கிறார்கள்; கரிம வேதியியலில் ஆல்கஹால், எஸ்டர், ஆல்டிஹைடு ஆகியவற்றின் வினைகள் தெரிந்திருந்தால் சோப்பு ஏன் பழுப்பாயிற்று என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்றாவது வழி, கலவை நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் எடைபோடும் உதவியாளராகவோ பயன்பாட்டுச் சோதனைப் பிரிவிலோ சேர்ந்து, பிறர் எழுதிய வாய்பாடுகளை நாள்தோறும் எடைபோட்டுக்கொண்டே மூலப்பொருள்களைக் கற்பது. மதிப்பீட்டாளர்களில் பலர் இவ்வழியில் வந்தவர்கள். முழுநேரப் பெர்ஃப்யூமர் இடங்கள் மிகக் குறைவு என்பதால், பெர்ஃப்யூமராக வேண்டும் என்று வருகிறவர்களில் பலர் மதிப்பீடு, தரக்கட்டுப்பாடு, ஒழுங்குமுறை ஆகிய பிரிவுகளிலேயே பணிபுரிகிறார்கள். பயிற்சியில் சேருமுன் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால், சிட்ரோனெல்லால், ஜெரானியால் மூன்றையும் சிறு அளவில் வாங்கி, 10 சதவீதமாகக் கரைத்து, வேறொருவரைக் கொண்டு எண் மட்டும் எழுதச் செய்து, இரண்டு வாரம் முக்கோணச் சோதனையில் முகர்ந்து பார்க்கலாம். கரைசல் செய்யும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், நெருப்பு அருகில் வேண்டாம், தூய பொருள் தோலில் படவும் வேண்டாம்.